ஓ லெவல் படிப்புக் குழுவுக்குப் பெயர்: ஏன் ‘கல்மேசை’ நன்றாக வேலை செய்தது

“நாங்க அஞ்சு பேர், செக் ஃபோர், ஈசூன் பக்கம். இந்த வருஷம் ஓ லெவல். வாட்ஸ்அப் குரூப்புக்கு ‘ஏ1 வேட்டை’ன்னு பேர் வச்சிருந்தோம். இப்போ ஒருத்தி குரூப்பை மியூட் பண்ணிட்டா, கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா. பேரை மாத்தலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம். ஊக்கமா இருக்கணும், ஆனா பிரஷர் ஏத்தக்கூடாது. என்ன பேர் வைக்கலாம்?”

மாற்றுங்கள். பள்ளியில் வைக்கும் பிரிலிம் முன்தேர்வின் முடிவு கைக்கு வருவதற்கு முன்னால் மாற்றுங்கள். மதிப்பெண், கிரேடு, வெற்றி, போர் எதுவும் பெயரில் வேண்டாம். நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து படிக்கும் இடத்தின் பெயரையோ, கூடும்போது செய்யும் ஒரு சின்ன வேலையின் பெயரையோ வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நான் கூடவே இருந்து பார்த்த ஒரு குழுவின் கதையைச் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

நான் பல வருடங்களாக உயர்நிலை மாணவர்களுக்குக் கணக்கும் வேதியியலும் சொல்லித் தருகிறேன். என்னிடம் வந்த ஆறு பேர் சேர்ந்து பிப்ரவரியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ‘சிங்கிள் டிஜிட் ஸ்குவாட்’ என்று பெயர். சிங்கப்பூரில் படித்தவர்களுக்கு அர்த்தம் உடனே புரியும். புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தொடக்கக் கல்லூரிக்குப் போக ஒரு மொழிப்பாடம், கூட ஐந்து பாடங்கள், இந்த ஆறின் கிரேடையும் கூட்டுவார்கள். ஏ1 என்றால் ஒன்று, எஃப்9 என்றால் ஒன்பது. ஆகவே கூட்டுத்தொகை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆறுமே ஏ1 என்றால் ஆறு. தொடக்கக் கல்லூரிக்கு இருபதுக்குள் வந்தாக வேண்டும். ஒன்பதுக்குள் வந்தால் அதுதான் சிங்கிள் டிஜிட், பெயர்பெற்ற கல்லூரிகளின் வாசல் திறக்கும் எண்.

பிப்ரவரியில் அந்தப் பெயர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்போது யாருக்கும் எந்த எண்ணும் வந்திருக்கவில்லை, ஆறு பேரும் ஒரே தூரத்தில் நின்றார்கள். பெயரைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் சூடும் ஏறும். ராத்திரி பத்து மணிக்கு ஒருவன் டென் இயர் சீரிஸ் என்ற பழைய வினாத்தாள் தொகுப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவான், பத்து நிமிடத்தில் மூன்று விடைகள் வரும்.

ஆகஸ்ட் கடைசியில் பிரிலிம். செப்டம்பரில் முடிவுகள் வந்தன. ஒருவனுக்குப் பதினொன்று, இன்னொருத்திக்குப் பதினான்கு, நடுவில் மூன்று பேர். ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு. அவள் அழவில்லை, குழுவை விட்டு வெளியேறவும் இல்லை. கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இதை நான் உடனே கவனிக்கவில்லை. அவள் எல்லாச் செய்தியையும் படித்துக்கொண்டிருந்தாள், யாராவது ஏதாவது சொன்னால் கட்டைவிரல் படமும் போட்டாள். ஆனால் மோல் கணக்கில் சமன்பாட்டின் விகிதத்தை எங்கே வைப்பது என்று ஒரு நாள் குழுவில் ஒரு தோழி மட்டும் கேட்டாள். அந்தத் தோழிக்கு மோல் கணக்கு நன்றாகவே வரும். அப்புறம்தான் தெரிந்தது, கேள்வி அவளுடையது இல்லை. அந்தப் பெண் தனியாக அவளிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியாமல், தன் கேள்வி மாதிரி குழுவில் போட்டிருக்கிறாள். உங்கள் குழுவில் பெயர் பாரமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது: கேள்விகள் குழுவிலிருந்து தனி உரையாடலுக்கு நகரும். மியூட் செய்வது அதற்கு அடுத்த படி. உங்கள் தோழி அந்த இரண்டாவது படியில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் பேசியபோது அவள் சொன்னது ஒரே வரி: “அண்ணா, மெசேஜ் வரும்போதெல்லாம் மேலே அந்தப் பேர்தான் தெரியுது.”

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். குழுவின் பெயரை வைத்தவர்கள் அதை ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் போன் அதை மறப்பதில்லை. யார் என்ன அனுப்பினாலும் பூட்டுத் திரையில் அனுப்பியவரின் பெயரோடு குழுவின் பெயரும் சேர்ந்தே வருகிறது. “நாளைக்கு யார் வர்றீங்க?” என்ற சாதாரணக் கேள்வி கூட ‘சிங்கிள் டிஜிட் ஸ்குவாட்’ என்ற தலைப்போடு வருகிறது. ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வந்தால் நாற்பது தடவை. பதினொன்று வாங்கியவனுக்கு அது “இன்னும் இரண்டுதான்” என்று சொல்கிறது. இருபத்தாறு வாங்கியவளுக்கு அதே சொல் “நீ இந்த ஆட்களில் சேர்த்தி இல்லை” என்று சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. அவள் தொடக்கக் கல்லூரிக்குப் போகவே நினைக்கவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாலர் கல்வி டிப்ளோமா படிக்க ஆசை. அங்கே பார்ப்பது வேறு கூட்டல்: ஆங்கிலம், படிப்புக்குத் தொடர்புள்ள இரண்டு பாடங்கள், நன்றாகச் செய்த இன்னும் இரண்டு, ஆக ஐந்தே பாடங்கள். அவளுடைய மோசமான இரண்டு பாடங்கள் அந்தக் கணக்கில் வராமலே போகலாம். அதாவது, தனக்குத் தேவையே இல்லாத ஓர் எண்ணை வைத்து அவள் தன்னைத் தினமும் அளந்துகொண்டிருந்தாள், குழுவின் பெயரில் அது இருந்த ஒரே காரணத்தால். ஐந்தாறு பேர் கூடினால் எல்லோரும் ஒரே வாசலுக்குப் போவதில்லை. இதனால்தான் பெயரில் எண்ணும் கிரேடும் வேண்டாம் என்கிறேன். ‘ஏ1 வேட்டை’யிலும் இதே சிக்கல்தான். உங்கள் ஐவரில் யாராவது ஒரு பாடத்தை ஜி2 என்ற சற்று எளிய நிலையில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பாடத்தில் ஏ1 என்ற கிரேடே கிடையாது.

உடனே ஒரு கேள்வி வரும்: இலக்கு வைத்துப் படிப்பது தப்பா? இல்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரூ எலியட், மார்சி சர்ச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1997இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். மாணவர்கள் மனதில் வைத்திருக்கும் குறியை மூன்றாகப் பிரித்தார்கள். பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. மற்றவர்களைவிட நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்பது இரண்டாவது. மற்றவர்களைவிட மோசமாகிவிடக் கூடாது என்பது மூன்றாவது. புரிந்துகொள்ளும் குறி பாடத்தின் மேல் ஆர்வத்தைக் கூட்டியது. செய்துகாட்டும் குறி மதிப்பெண்ணைக் கூட்டியது. மோசமாகிவிடக் கூடாது என்ற மூன்றாவது குறிதான் ஆர்வம், மதிப்பெண் இரண்டையும் கெடுத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ‘சிங்கிள் டிஜிட்’ என்ற சொல் பிப்ரவரியில் ஆறு பேருக்கும் இரண்டாவது வகையாக இருந்தது. செப்டம்பரில் ஐந்து பேருக்கு அப்படியே இருந்தது, ஒருத்திக்கு மட்டும் மூன்றாவதாக மாறிவிட்டது. சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயர் தேடும்போது நீங்கள் கேட்க வேண்டியது “இந்தப் பெயர் நமக்கு ஊக்கம் தருகிறதா?” என்று இல்லை. இன்று எல்லோரும் ஆமாம் என்பீர்கள். “நம்மில் யாருக்காவது பிரிலிம் சொதப்பினால், அன்று ராத்திரி அவர் இந்தப் பெயரை எப்படிப் படிப்பார்?” என்று கேளுங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். பெயரை ஒரு தாளின் மேலே எழுதுங்கள். அதன் கீழே, உங்கள் குழுவில் கட்டாயம் வரப்போகிற மூன்று செய்திகளை எழுதுங்கள். முதலாவது, கேட்கவே வெட்கமாக இருக்கும் ஓர் அடிப்படைக் கேள்வி: “இதுல ரெண்டால ஏன் பெருக்கணும்?” இரண்டாவது, “இன்னைக்கு வர முடியல, தலைவலி.” மூன்றாவது, “பிரிலிம் கெமிஸ்ட்ரி இ8.” இப்போது பெயரோடு சேர்த்துச் சத்தமாகப் படியுங்கள்.

‘ஏ1 வேட்டை’: பிரிலிம் கெமிஸ்ட்ரி இ8. இப்படி ஒரு செய்தியை யாரும் அனுப்ப மாட்டார்கள். ‘தூங்காதே’: இன்னைக்கு வர முடியல, தலைவலி. குற்றவாளிக் கூண்டில் நின்று பேசுவது போல இருக்கிறது. ‘டாப்பர்ஸ்’: இதுல ரெண்டால ஏன் பெருக்கணும்? கேட்பவருக்கு வாய் வராது. மூன்று செய்தியும் உறுத்தாமல் உட்காரும் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது.

சரி, கதைக்கு வருகிறேன். செப்டம்பர் நடுவில் அந்தக் குழு பெயர் மாற்ற உட்கார்ந்தது. அவர்கள் கூடும் இடம் ஒருவன் வீட்டு புளோக்கின் கீழ்த்தளம். அங்கே சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று, அதைச் சுற்றி நான்கு கல் இருக்கைகள். ஆறு பேருக்கு இடம் போதாது, இரண்டு பேர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் சீன முதியவர்கள் இரண்டு பேர் அதில் சதுரங்கம் ஆடுவார்கள். அவர்கள் எழுந்து போகும்வரை இவர்கள் படிக்கட்டு ஓரம் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் இவர்களுக்காகவே ஆட்டத்தை எட்டு மணிக்குள் முடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

முதலில் வந்த யோசனை ‘தே ஓ கோசோங்’. காப்பிக்கடையில் அவர்கள் வாங்குவது அதுதான், சீனி போடாத கறுப்புத் தேநீர். ஓ லெவலின் ‘ஓ’ அதிலேயே இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே குஷி. சத்தமாகப் படித்துப் பார்த்தபோதுதான் ஒருவன் நிறுத்தினான். கோசோங் என்றால் மலாயில் காலி, நம் ஊர்ப் பேச்சில் சைபர். தாளில் முட்டை வாங்குவதற்கும் அதே சொல்தான். ‘தே ஓ கோசோங்’: பிரிலிம் கெமிஸ்ட்ரி இ8. கைவிட்டார்கள். நகைச்சுவைப் பெயர் வைப்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, நல்ல நாளில் சிரிக்க வைக்கும் சொல் கெட்ட நாளில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ‘ஏழரை மணி’ என்றார்கள், அந்த நேரத்தில் கூடத் தொடங்கலாம் என்று. வீட்டில் சொன்னதும் பாட்டி ஒருவர், பரீட்சை நேரத்தில் யாராவது ஏழரையை இழுத்து வைத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறார். சனியை நம்புகிறோமோ இல்லையோ, வீட்டில் ஒருவர் தினமும் அதைப் பார்த்து முகம் சுளித்தால் அதுவும் பாரம்தான். எட்டு மணி ஆக்கினார்கள். ‘எட்டு மணி மேசை’. இது நன்றாகவே இருந்தது. எங்கே, எப்போது என்று இரண்டையும் சொன்னது, ஜெயிப்பது தோற்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாளில் இதிலும் ஒரு குறை தெரிந்தது, நான் எதிர்பார்க்காதது. ஒருவனுக்குத் திங்களும் புதனும் வேறொரு துணைப்பாட வகுப்பு, எம்ஆர்டி பிடித்து வரும்போது எட்டேமுக்கால் ஆகிவிடும். எட்டு மணி என்று பெயரே சொல்வதால் அவன் வந்தவுடன் மன்னிப்புக் கேட்பான். நான்காவது தடவை, லேட் ஆகிவிட்டது என்று வராமலே நின்றுவிட்டான். மதிப்பெண்ணைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு வருகைப் பதிவேட்டை உள்ளே வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேரத்தை எடுத்தார்கள். மிஞ்சியது ‘கல்மேசை’.

அந்தப் பெயர்தான் கடைசிவரை இருந்தது. சோதித்துப் பாருங்கள். ‘கல்மேசை’: இதுல ரெண்டால ஏன் பெருக்கணும்? ‘கல்மேசை’: இன்னைக்கு வர முடியல, தலைவலி. ‘கல்மேசை’: பிரிலிம் கெமிஸ்ட்ரி இ8. மேசை யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் பெயரைப் படித்தவுடன் அந்த இடமும், ஸ்டூலைத் தூக்கி வந்த ராத்திரிகளும் நினைவுக்கு வந்துவிடும். ஊக்கம் அங்கிருந்துதான் வந்தது, கீழே இறங்கிப் போனால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்பதிலிருந்து.

நேரம், அன்று எந்தப் பாடம், யார் எந்தப் பேப்பர் கொண்டு வருவது என்பதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். குழு விவரம் எழுதும் இடத்துக்கு. வாட்ஸ்அப்பில் பெயருக்குக் கீழே விவரம் எழுத ஓர் இடம் உண்டு. அது பூட்டுத் திரையில் வராது, தேடிப் போய்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். “திங்கள், புதன், வெள்ளி எட்டு மணி சுமாருக்கு. புதன் வேதியியல். முடிந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் கேள்வியை மட்டும் அனுப்புங்கள்” என்று அவர்கள் எழுதினார்கள். கட்டளை, நேரம், இலக்கு இவற்றில் எது அவசியமாகத் தேவைப்பட்டாலும் அதற்கு இடம் அங்கேதான். எத்தனை நாள் பாக்கி என்ற கணக்கும் பெயருக்கு வேண்டாம். ‘இன்னும் 25 நாள்’, ‘24 நாள்’ என்று தினமும் பெயரை மாற்றும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்னார் பெயரை மாற்றினார் என்று உரையாடலுக்கு நடுவே ஒரு வரி வரும். படித்த கேள்விகளைத் தேடி மேலே போனால் அந்த வரிகள்தான் கண்ணில் படும், ஒரு வரிக்கு ஒரு பயம்.

இனி தமிழில் பெயர் வைப்பது பற்றி. இங்கே நம் மொழி ஒரு நல்ல கருவியைக் கையில் தருகிறது. ‘படிக்கணும்’ என்றால் கட்டாயம். ‘படி’ என்றால் கட்டளை. ‘தூங்காதே’ என்றால் தடை, பின்னால் ஒரு பெரம்பும் தெரிகிறது. ‘படிக்கலாம்’ என்றால்? அது அழைப்பு, அனுமதி, முடியும் என்ற நம்பிக்கை மூன்றும் ஒரே சொல்லில். ‘வா, பார்க்கலாம்’ என்று அம்மா சொல்லும்போது அதில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் தங்கள் சுயநிர்ணயக் கோட்பாட்டில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தன் விருப்பத்தில் செய்கிறோம் என்ற உணர்வு இருக்கும்வரை ஆர்வம் நிற்கும், யாரோ செய்ய வைக்கிறார்கள் என்று தோன்றினால் தேயும். ‘-ணும்’ போட்ட பெயர் இரண்டாவது உணர்வைத் தருகிறது, ‘-லாம்’ போட்ட பெயர் முதலாவதை. ‘இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தால், தப்பாகப் போட்ட கணக்குக்கும் அது பொருந்தும், தப்பாகப் போன பரீட்சைக்கும் பொருந்தும். கொஞ்சம் நீளம், போன் திரையில் பாதி வெட்டுப்படும். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் வைத்தாலும் போதும். ஆனால் அதை அசட்டையான ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ ஆகவும் படிக்கலாம், உங்கள் குழுவில் அப்படிப் படிக்கிறவர்கள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழமொழியை முழுதாக வைக்காமல் பாதி வைப்பதும் எனக்குப் பிடிக்கும். ‘எறும்பு ஊர’ என்று வைத்துப் பாருங்கள். கல்லும் தேயும் என்பதைப் படிப்பவர் தானே முடித்துக்கொள்வார். எறும்பு யாரையும் முந்த ஓடுவதில்லை, தினமும் ஊர்ந்தால் போதும் என்பதுதான் அதில் இருக்கும் சேதி. மூன்று செய்திச் சோதனையில் இது நன்றாகவே தேறுகிறது. ‘சந்தேகக் கடை’ என்பதும் நல்ல பெயர், அங்கே கேள்வி கேட்பதுதான் வேலை என்று பெயரே சொல்லிவிடுகிறது. அடிப்படைக் கேள்வி கேட்க வெட்கப்படும் ஆள் ஒருவர் குழுவில் இருந்தால் நான் இதையே முதலில் சொல்வேன்.

படை, போர், வேட்டை, சிங்கம், புலி வகைப் பெயர்களை நான் ஒதுக்குவதற்குக் காரணம் அவை கேட்க நன்றாக இல்லை என்பது அல்ல, நன்றாகவே இருக்கும். போர் என்று வந்துவிட்டால் தோற்றவர் என்று ஒருவர் வேண்டும், அவ்வளவுதான் காரணம். பள்ளியின் பெயர், வகுப்பின் பெயரும் வேண்டாம். அடுத்த மாதம் வேறு பள்ளியிலிருந்து ஒருவர் சேர்ந்தால் முதல் நாளே வெளியாள் ஆகிவிடுவார். தேர்வின் பெயரும் அப்படித்தான், 2027 முதல் ஓ லெவல் என்ற சான்றிதழே இருக்காது, எஸ்இசி என்று ஒரே தேர்வாகிவிடும். உங்கள் தம்பி தங்கைகளுக்குக் குழுவைக் கைமாற்றிக் கொடுக்க நினைத்தால் ‘எறும்பு ஊர’ அப்படியே பொருந்தும்.

தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா என்பதை உங்களில் தமிழை மெதுவாகப் படிக்கிறவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் குழுவில் ஒருவனுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. பெயர் நான்கே எழுத்தானதால் ஒரு பார்வையில் பழகிவிட்டான். நீளமாக இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அது அவனுக்கு ஒரு குட்டி வாசிப்புத் தேர்வாக இருந்திருக்கும். அப்படி ஒருவர் இருந்தால் `Kalmesai` என்று போடுவதில் ஒரு குறையும் இல்லை.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைக்க வேண்டாம். அதில் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உறுத்தல் இருப்பவர் பெரும்பான்மையோடு சேர்ந்து வாக்களித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார், ‘ஏ1 வேட்டை’ கூட உங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கலாம். அந்த ஆறு பேர் செய்தது இது: ஆளுக்கு இரண்டு பெயரைத் துண்டுத்தாளில் எழுதி மடித்து மேசையில் போட்டார்கள். எண், கிரேடு உள்ளவற்றை முதலில் எடுத்துவிட்டார்கள். பிறகு தாள்களைச் சுற்றுக்கு விட்டார்கள். யாருக்கு எது பிடிக்கவில்லையோ அதில் ஒரு கோடு போடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கோடு விழுந்தாலும் அந்தப் பெயர் போய்விடும். பாக்கி நின்றவற்றைச் சத்தமாகப் படித்துச் சோதித்தார்கள். அரைமணி நேர வேலை. நிறையப் பேருக்குப் பிடித்த பெயரைவிட ஒருவரையும் உறுத்தாத பெயர் படிப்புக் குழுவுக்கு முக்கியம், ஏனென்றால் ஒருவர் பேசாமல் ஆனால் மற்றவர்களுக்கும் கேள்விகள் குறைந்துவிடும். பெயர் வைத்த பின் குழு அமைப்பில் பெயரை மாற்றும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் விடுங்கள், பரீட்சைக்கு முந்திய ராத்திரி யாராவது விளையாட்டாக மாற்றிவிடாமல் இருக்கும்.

பெயர் மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ‘எட்டு மணி மேசை’ ஆன பிறகும் முதல் வாரம் அந்தப் பெண் குழுவில் ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்று வாங்கியவன்தான் தொடங்கி வைத்தான். தான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைச் சிவப்பு மை அடித்தது அடித்தபடி படம் எடுத்துப் போட்டு, “இது எனக்கு எங்க உதைக்குதுன்னு யாராவது சொல்லுங்க” என்று கேட்டான். விடையில் ஒரு படி விடுபட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது அவள்தான். மறுநாள் அவளே மோல் கணக்கைக் குழுவில் கேட்டாள். மதிப்பெண்களைக் குழுவில் போடுவதில்லை என்ற ஒரு வழக்கத்தையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள், போட விரும்புகிறவர் போடலாம், யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மதிப்பெண் ஒப்பீடு தொடர்ந்தால் எவ்வளவு மென்மையான பெயரும் ஒரு மாதத்தில் கூர்மையாகிவிடும்.

உங்கள் ஐவருக்கு வருகிறேன். ஈசூனில் எங்கே கூடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நூலகத்தின் ஜன்னல் ஓரமோ, சமூக மன்றமோ, பரோட்டாக் கடையின் கடைசி மேசையோ, அந்த இடத்துக்கு உங்களுக்குள் ஏற்கெனவே ஒரு செல்லப் பெயர் இருக்கும், அதை முதலில் சோதித்துப் பாருங்கள். போனிலேயே கூடுகிறவர்கள் என்றால் ‘சந்தேகக் கடை’ அல்லது ‘எறும்பு ஊர’.

பெயரை மாற்றும்போது மியூட் செய்த தோழிக்கு அது தெரியாது, அவள் போனில் சத்தமே வராது. அதனால் மாற்றிவிட்டுச் சொல்லாதீர்கள். கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சும்போது துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் அவளிடம் நேரில் போங்கள். ஏன் மியூட் செய்தாய் என்று கேட்க வேண்டாம். “இந்த ரெண்டுல எது?” என்று மட்டும் கேளுங்கள்.